அவசரமாக டைப் செய்த உருது கடிதத்தைத் திருத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் அவசரமாக டைப் செய்தால் பிழை பளிச்சென்று தெரியும். உருதுவில் பெரும்பாலான பிழைகள் கண்ணுக்கே தெரியாது. அதற்கு நஸ்தாலிக் எழுத்துருதான் காரணம். அந்தச் சாய்ந்த, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும் எழுத்தில் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் பல இடங்களில் ஒரே மாதிரிதான் தெரியும். சென்னை திருவல்லிக்கேணியில் 1927 முதல் வெளிவந்த ‘முசல்மான்’ நாளிதழைக் கையால் எழுதிய காத்திபுகளுக்கு இடைவெளி என்று தனியாக ஒரு எழுத்தே கிடையாது. வார்த்தை முடிந்ததும் பேனா எழும், அவ்வளவுதான். கணினிக்கு அது போதாது. இடைவெளிக்கு ஒரு விசை இருக்கிறது, அதை அழுத்தாவிட்டால் இரண்டு வார்த்தையும் கணினிக்கு ஒன்றுதான்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் விண்ணப்பம் டைப் செய்து தருகிறவர்கள், மதரஸாவுக்கும் பள்ளிக்கும் கடிதம் எழுதுகிற பெற்றோர், உருது படிக்கும் தமிழ் மாணவர்கள் என எல்லோரும் இந்த வலையில் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். ஒருவருக்கு விண்ணப்பம் டைப் செய்து கொடுத்தபோது ‘வேண்டுகோள்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பூமி’ என்று அடித்துவிட்டேன். மூன்று முறை படித்துப் பார்த்தும் தெரியவில்லை. மனதில் இருப்பதைத்தான் கண் படித்தது. அதன் பிறகுதான், படித்துப் பார்த்துத் திருத்துவதை விட்டுவிட்டு, தேடித் திருத்தும் முறைக்கு மாறினேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு சின்ன விடுப்புக் கடிதம். அண்ணன் கல்யாணத்துக்காக இரண்டு நாள் பள்ளிக்கு வர முடியாது என்பதுதான் செய்தி. அவசரத்தில் டைப் செய்தது இப்படி இருக்கிறது:

```
ارض ہےکہ میرےبہائی کی شاديکی وجہ سے مین دودن اسکول نہین آسکتا
```

உருது தெரிந்தவர் இதை நஸ்தாலிக்கில் பார்த்தால் இரண்டு மூன்று பிழைகளைச் சொல்வார். உண்மையில் பத்துக்கு மேல் இருக்கிறது.

எந்த விரல் எந்தப் பிழையைச் செய்கிறது

திருத்துவதற்கு முன்னால், பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கணினியில் பலரும் பயன்படுத்துவது ஒலிமுறை கீபோர்டு, அதாவது ஆங்கில எழுத்தின் ஒலிக்கு ஏற்ற உருது எழுத்து வரும் முறை. அதில் `n` அழுத்தினால் புள்ளி வைத்த ن, Shift சேர்த்து அழுத்தினால் புள்ளியில்லாத ں. `t` என்றால் ت, Shift சேர்த்தால் ٹ. `r` என்றால் ر, Shift சேர்த்தால் ڑ. `d` என்றால் د, Shift சேர்த்தால் ڈ. வேகமாக அடிக்கும்போது Shift தவறிப்போவது சகஜம். அதனால் மூக்கொலியில் முடியவேண்டிய ‘மே(ங்)’ (میں) புள்ளி ஏறி مین ஆகிறது.

இன்னொரு பொல்லாத இடம் `i`, `o` என்ற இரண்டு விசைகள். ஒலிமுறையில் `i` என்பது ی, `o` என்பது ہ. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசை. விரல் ஒரு விசை தள்ளிப் போனால் ‘என்று’ என்ற பொருள் தரும் کہ என்ற சொல், ‘உடைய’ என்ற பொருள் தரும் کی ஆகிவிடும். இரண்டுமே சரியான உருதுச் சொற்கள் என்பதால் எந்த எழுத்துப்பிழை சோதனைக் கருவியும் சிவப்புக் கோடு போடாது. விண்ணப்பத்தில் ‘அர்ஸ் ஹே’ என்ற தொடக்கத்துக்குப் பின் کہ வரவேண்டிய இடத்தில் کی என்று இருந்தால் அது விரல் வழுக்கியது என்று அர்த்தம்.

செல்போனில் பிழைக்குக் காரணம் வேறு. அங்கே பலர் உருது கீபோர்டுக்குப் பதிலாக அரபிக் கீபோர்டைத் திறந்து அடித்துவிடுகிறார்கள். அல்லது அரபியில் அடித்த ஒரு துண்டை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

முதல் படி: உருவம் ஒன்று, உள்ளே எண் வேறு

உருதுவின் ‘சோட்டி யே’ யூனிகோடில் U+06CC. அரபியின் ‘யா’ U+064A. வார்த்தையின் கடைசியில் வந்தால் அரபி யாவுக்குக் கீழே இரண்டு புள்ளி இருக்கும், உருது யேவுக்கு இருக்காது, அங்கே கண்டுபிடித்துவிடலாம். வார்த்தைக்கு நடுவில் வந்தால் இரண்டுக்குமே இரண்டு புள்ளிதான், வித்தியாசமே தெரியாது. காஃப் எழுத்தும் அப்படித்தான்: உருதுவுக்கு U+06A9, அரபிக்கு U+0643. ஹே எழுத்தில் உருதுவுக்கு U+06C1, அரபிக்கு U+0647.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. அடுத்து வரும் படிகள் எல்லாமே தேடல்தான் என்பதால், இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் பாதிப் பிழை வலையில் சிக்காமல் நழுவிவிடும். மேலே உள்ள கடிதத்தில் ‘ஷாதி’ என்ற வார்த்தையின் கடைசி எழுத்து அரபி யா. அடுத்த வார்த்தையோடு ஒட்டிப்போனதால் அது நடு எழுத்தாகி ஒளிந்துகொண்டிருக்கிறது.

சந்தேகப்படும் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து Alt+X அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் அந்த எழுத்தின் எண் தெரியும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பி வரும். மொத்தமாக மாற்ற, லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் Find & Replace திறந்து, Regular expressions என்பதை டிக் செய்துவிட்டு, இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

```
\u064A
\u0643
\u0647
```

மாற்றுப் பெட்டியில் முறையே ی, ک, ہ ஆகிய உருது எழுத்துகளை உருது கீபோர்டிலேயே அடித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கடிதத்தில் குர்ஆன் வசனமோ வேறு அரபி வாசகமோ இருந்தால் அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். அங்கே அரபி எழுத்துதான் சரி. வேலையெல்லாம் ஒரு நகலில் செய்வது நல்லது.

இரண்டாம் படி: கடைசியில் மட்டுமே வரும் எழுத்துகள்

ஒட்டிப்போன வார்த்தைகளில் ஒரு பெரும் பகுதியை மூளைக்கு வேலையே கொடுக்காமல் பிடித்துவிடலாம். உருதுவில் மூன்று எழுத்துகள் வார்த்தையின் கடைசியில் மட்டுமே வரும்: மூக்கொலி எழுத்தான ‘நூன் குன்னா’ (ں), ‘படி யே’ (ے), வட்டத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த ۃ. மூக்கொலி வார்த்தைக்கு நடுவில் வந்தால் புள்ளி வைத்த நூனைத்தான் எழுதுவார்கள். ஆக, இந்த மூன்றில் ஒன்றுக்குப் பின்னால் இடைவெளியில்லாமல் இன்னொரு எழுத்து வந்தால், அங்கே ஸ்பேஸ் விட மறந்திருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். ‘மே(ங்) நே’ என்ற இரண்டு வார்த்தையை میںنے என்று சேர்த்து அடிப்பதுதான் இதில் அதிகம் நடப்பது.

தேட வேண்டியது:

```
([\u06BA\u06D2\u06C3])([\u0622-\u064A\u0671-\u06D2])
```

மாற்றுப் பெட்டியில்:

```
$1 $2
```

நடுவில் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். நம் கடிதத்தில் இது இரண்டு இடத்தில் சிக்கும்: ہےکہ, میرےبہائی. இரண்டிலும் படி யே நடுவில் மாட்டியிருக்கிறது. படி யே தனக்குப் பின்னால் வரும் எழுத்தோடு சேராது என்பதால், நஸ்தாலிக்கில் இவை தனித்தனி வார்த்தை போலவே தெரிந்தன. ‘பே’ என்ற முன்னொட்டைச் சேர்த்து அடிக்கும் بےوقوف போன்ற சொற்களிலும் இது ஒரு ஸ்பேஸைச் செருகும். அது பிழையில்லை, தனியாக எழுதுவதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

மூன்றாம் படி: ஒரு வரிக்கு ஒரு வார்த்தை

மீதி ஒட்டல்களை எந்திரம் சொல்லாது. அலிஃப், தால், ரே, ஸே, வாவ் ஆகியவையும் அவற்றின் சாயலில் உள்ளவையும் தமக்குப் பின்னால் வரும் எழுத்தோடு சேராதவை. வார்த்தை இவற்றில் முடிந்தால் ஸ்பேஸ் விடாமல் அடித்தாலும் படிக்க முடிகிறது. அதனால் விரல் சோம்பேறியாகிவிடுகிறது. ஆனால் இவை வார்த்தைக்கு நடுவிலும் வரும் என்பதால் முந்தைய தந்திரம் இங்கே செல்லாது.

இங்கே நான் செய்வது, பத்தியை உடைத்து வார்த்தைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. நகலில் ஒரு ஸ்பேஸைத் தேடி, `\n` என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வரியாக இறங்கிவிடும். கூடவே எழுத்துருவை நஸ்தாலிக்கிலிருந்து ஏதாவது ஒரு நஸ்க் எழுத்துருவுக்கு, அதாவது எழுத்துகள் நேர்க்கோட்டில் உட்காரும் சாதாரண அரபி எழுத்துருவுக்கு மாற்றுங்கள். அழகு போய்விடும், பரவாயில்லை. வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிட்டதால் கண் இப்போது வார்த்தையைத்தான் பார்க்கும்.

நம் கடிதம் முதலில் பன்னிரண்டு வரிதான் இருந்திருக்கும். இரண்டாம் படிக்குப் பின் பதினான்கு. இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். شادیکی என்ற வரி நிற்கிறது. ‘ஷாதி கி’ இரண்டு வார்த்தை, பிரியுங்கள். அடுத்து دودن. நாலே எழுத்து, சின்ன வார்த்தை, ஏமாற்றிவிடும். ‘தோ தின்’, இரண்டு நாள், அதையும் பிரியுங்கள். கடைசியில் آسکتا. ‘ஆ சக்தா’ என்பதில் ஆ என்பது வினை, சக்தா என்பது துணைவினை. சேர்த்து எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். முறையான கடிதத்தில் பிரித்து எழுதுவதுதான் என் கட்சி. ஆக மொத்தம் பதினேழு வார்த்தை.

அடுக்கிய பட்டியலில் எதிர்மாறான பிழையும் தெரியும். ‘ஸ்கூல்’ என்பதற்கான اسکول நடுவில் ஸ்பேஸ் விழுந்து اس کول என்று இரண்டு வரியானால், முதல் வரி ‘அந்த’ என்று பொருள் தரும் தனிச்சொல்லாகிவிடும். இரண்டாவது வரிக்குப் பொருளே இல்லை. பொருளில்லாத ஒரு துண்டு தனியாக நின்றால், முந்தைய வரியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது என்பதில் உருதுக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ‘அவனுக்கு’ என்பதற்கு اسکو, ‘க்காக’ என்பதற்கு کیلئے என்று சேர்த்து எழுதுவது பழைய கையெழுத்துப் பழக்கம். இன்று اس کو, کے لیے என்று பிரிப்பதே முறையான எழுத்தில் விரும்பப்படுகிறது. ஆனால் அந்த ஆர்வத்தில் بلکہ, چونکہ போன்றவற்றைப் பிரித்துவிடாதீர்கள், அவை ஒரே சொல்லாக நிலைத்துவிட்டவை. கடிதம் முழுக்க ஒரே வழக்கமாக இருந்தால் போதும்.

சில கூட்டுச்சொற்களில் இரண்டு பகுதியும் ஒட்டவும் கூடாது, வரி முடிவில் பிரிந்து அடுத்த வரிக்கு ஓடவும் கூடாது. ‘அக்ல்மந்த்’ (அறிவாளி) அப்படி ஒரு சொல். அங்கே ஸ்பேஸுக்குப் பதில் U+200C என்ற அகலமில்லாத பிரிப்பானைப் போடலாம். கடிதத்தில் இது அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

நான்காம் படி: இரண்டு கண் ஹே

தமிழ்க் காதுக்கு மிகவும் சிரமம் தரும் இடம் இது. உருதுவில் ‘சோட்டி ஹே’ (ہ) தனியாக ‘ஹ’ என்று ஒலிக்கும். ‘தோ சஷ்மி ஹே’, அதாவது இரண்டு கண் ஹே (ھ), தனியாக ஒலிக்காது. முன்னால் உள்ள மெய்யோடு சேர்ந்து அதை மூச்சுவிட்டு அழுத்திச் சொல்ல வைக்கும். கஹா (کہا) என்றால் ‘சொன்னான்’. அதே இடத்தில் இரண்டு கண் ஹே போட்டால் (کھا) ‘சாப்பிடு’. ‘சகோதரன்’ என்பதற்கான بھائی என்ற சொல்லில் சோட்டி ஹே போட்டால் ‘பஹாயி’ என்றாகி, ஒரு மதத்தைச் சேர்ந்தவரைக் குறிக்கும். நம் கடிதத்தில் கல்யாணம் யாருக்கு என்பதே மாறிப்போயிருக்கிறது!

இதற்கு ஒரு உறுதியான விதி, ஒரு சந்தேக விதி என இரண்டு இருக்கின்றன. உறுதியான விதி: இன்றைய எழுத்துமுறையில் எந்த வார்த்தையும் இரண்டு கண் ஹேவில் தொடங்காது. வரிக்கு ஒரு வார்த்தையாக அடுக்கிய பட்டியலில் இதைத் தேடுங்கள்:

```
^\u06BE
```

கிடைப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சோட்டி ஹேவாக மாற்றலாம். பழைய அச்சுப் புத்தகங்களில் ھے, ھم என்று பார்த்திருப்பீர்கள். அது அந்தக் காலத்து வழக்கம், இன்று ہے, ہم தான்.

சந்தேக விதி: மூச்சொலி ஏற்கக்கூடிய மெய்களுக்குப் பின்னால் சோட்டி ஹே வரும் இடங்களைத் தேடுவது.

```
[\u0628\u067E\u062A\u0679\u062C\u0686\u062F\u0688\u0691\u06A9\u06AF]\u06C1
```

இதை ஒருபோதும் மொத்தமாக மாற்றாதீர்கள். நம் கடிதத்தில் மூன்று இடம் சிக்கும்: کہ, بہائی, وجہ. முதலாவதும் மூன்றாவதும் சரியானவை. நடுவில் உள்ளது மட்டும்தான் பிழை. ‘பஹுத்’, ‘பஹலே’, ‘ஜகஹ்’ போன்ற அன்றாடச் சொற்களும் இந்தத் தேடலில் வந்து விழும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஹ’ தனி அசையாகவோ தனி ஒலியாகவோ கேட்டால் சோட்டி ஹே. மெய்யோடு கரைந்துவிட்டால் இரண்டு கண்.

முதல் படியில் அரபி ஹேவை எல்லாம் சோட்டி ஹேவாக மாற்றினோம் அல்லவா? அரபி ஹே சாதாரண எழுத்துருவில் வார்த்தையின் தொடக்கத்திலும் நடுவிலும் இரண்டு கண் போலவே தெரியும். அதனால் சிலர் அதையே இரண்டு கண் ஹேவாக நினைத்து அடித்திருப்பார்கள். அப்படி வந்த கடிதத்தில் இந்த நான்காம் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பிழைகள் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கும்.

ஐந்தாம் படி: ஒரு புள்ளி

அடுக்கிய பட்டியலில் நூனில் முடியும் வார்த்தைகளைத் தேடுங்கள்:

```
\u0646$
```

நம் கடிதத்தில் مین, دن, نہین என மூன்று வரும். ‘தின்’ (நாள்) புள்ளியோடுதான் எழுத வேண்டும். மற்ற இரண்டிலும் Shift தவறியிருக்கிறது: میں, نہیں. சரியான நூனில் முடியும் சொற்கள் உருதுவில் நிறைய உண்டு. நிலம், வீடு, யார் என்பதற்கான சொற்களே அப்படித்தான். ஆனால் கடிதத்தில் அடிக்கடி தவறுவது நான்கைந்து சொற்கள்தான்: ‘மே(ங்)’, ‘ஹே(ங்)’, ‘நஹீ(ங்)’, ‘கியூ(ங்)’, ‘யஹா(ங்)’. கூடவே பன்மையில் ‘ஓ(ங்)’ என்று முடியும் வடிவங்கள். இவை சரியாக இருந்தால் கடிதம் தப்பித்தது.

ஆறாம் படி: காதுக்கு ஒன்று, எழுத்துக்கு நான்கு

இது விரல் பிழையில்லை, காதுப் பிழை. உருதுவில் ‘ஸ்’ என்று அதிர்ந்து ஒலிக்கும் ஒலிக்கு ز, ذ, ض, ظ என நான்கு எழுத்து. ‘ச’ ஒலிக்கு س, ص, ث என மூன்று. ஹே இரண்டு, தே இரண்டு. அய்ன் எழுத்து பேச்சில் அலிஃப் போலவே கேட்கும். அரபியில் இவை எல்லாம் வேறு வேறு ஒலி. உருதுப் பேச்சில் கலந்துவிட்டன, எழுத்தில் மட்டும் பிரிந்தே நிற்கின்றன.

நான் ஆரம்பத்தில் சொன்ன பூமிக் கதை இங்கேதான் நடந்தது. عرض என்றால் வேண்டுகோள். அய்னுக்குப் பதில் அலிஃப் போட்டால் ارض, பூமி. இரண்டையும் ‘அர்ஸ்’ என்றுதான் சொல்வோம். نظر பார்வை, نذر காணிக்கை. عام என்றால் பொதுவானது, آم என்றால் மாம்பழம். இங்கே எந்தத் தேடலும் உதவாது, ஏனென்றால் தவறாக வந்து உட்கார்ந்திருப்பதும் நல்ல உருதுச் சொல்.

நான் செய்வது இதுதான். விண்ணப்பத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இருபதுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒரு தாளில் சரியாக எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்: عرض, حاضر, ضرورت, منظور, حضور, ضلع, خدمت, ذریعہ, درخواست. கடைசிச் சொல்லில் வாவ் எழுதுவோம், ஒலிக்க மாட்டோம். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். டைப் செய்த கடிதத்தின் ஒவ்வொரு பெரிய சொல்லையும் அந்தத் தாளோடு ஒப்பிடுகிறேன். தாளில் இல்லாத சொல் வந்தால் அகராதி. வேறு குறுக்குவழி கிடையாது.

திரும்பக் கட்டுவது

பட்டியலில் செய்த திருத்தங்களை மூலக் கடிதத்துக்குக் கொண்டுவாருங்கள். நஸ்தாலிக் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். முடிவில் ஆங்கிலப் புள்ளிக்குப் பதில் உருதுவின் சின்னக் கோடு (۔) இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடிதத்தில் முற்றுப்புள்ளியே இல்லை. இப்போது அது இப்படி இருக்கும்:

```
عرض ہے کہ میرے بھائی کی شادی کی وجہ سے میں دو دن اسکول نہیں آ سکتا۔
```

ஸ்பேஸ்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க, லிப்ரே ஆபீஸில் Ctrl+F10, வேர்டில் Ctrl+Shift+8. ஒவ்வொரு ஸ்பேஸ் இருக்கும் இடத்திலும் ஒரு சின்னப் புள்ளி தெரியும். பதினேழு வார்த்தைக்கு நடுவில் பதினாறு புள்ளி இருக்க வேண்டும். சரியாக இருந்தால், எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேர்டு கோப்பாகவே அனுப்பினால், பெறுகிறவரின் கணினியில் நஸ்தாலிக் எழுத்துரு இல்லாதபோது வேறு எழுத்துருவில் திறக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கம் அங்கே அதே வடிவில் தெரியாது.